கீழாநெல்லியின் லிக்னான்கள்: குடுவையிலும் ரத்தத்திலும்

வணக்கம் ஐயா. என் அண்ணனுக்கு ஹெப்படைடிஸ் பி. மூன்று வருடமாக டெனோஃபோவிர் சாப்பிடுகிறார். தோட்டத்து வீட்டைச் சுற்றிக் கீழாநெல்லி ஏராளம். அம்மா தினமும் அரைத்து மோரில் கலந்து கொடுக்கிறார். "இதிலுள்ள லிக்னான் வைரஸைப் பெருக விடாதுன்னு ஆராய்ச்சியே சொல்லுது, மாத்திரை எதுக்கு?" என்கிறார் அண்ணன். அப்படியா?
– ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

அன்புள்ள சகோதரிக்கு,

நானும் லயத்து வீட்டில் வளர்ந்தவன்தான். யாருக்காவது கண் மஞ்சளானால் பாட்டி அம்மியில் கீழாநெல்லியை வைத்து இழுப்பார். அந்தப் பச்சை மோரின் கசப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது. அதனால் அண்ணன் சொல்வதைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. அவர் சொல்லும் ஆராய்ச்சி உண்மையிலேயே நடந்தது. ஆனால் எதை அளந்தார்கள் என்று பார்க்க வேண்டும்.

லிக்னான் என்பது செடி தனக்காகத் தயாரிக்கும் ஒரு வகைச் சேர்மம். கீழாநெல்லியில் ஃபில்லாந்தின், ஹைப்போஃபில்லாந்தின், நிரந்தின் என்று பல உண்டு. 2003-இல் தைவான் ஆய்வாளர்கள் இந்தச் செடி இனங்களிலிருந்து பிரித்த 25 பொருள்களைச் சோதித்தார்கள். வைரஸின் மேற்பரப்புப் புரதத்தைக் குறைத்ததில் நிரந்தின் முன்னே நின்றது. 2014-இல் சீனாவில் ஒரு குழு அதையே இன்னும் விரிவாகப் பார்த்தது.

அவர்கள் பயன்படுத்தியது ஹெப்ஜி2.2.15 என்ற செல். இது மனிதக் கல்லீரல் புற்றுச் செல்தான், ஆனால் அதன் மரபணுவுக்குள்ளேயே ஹெப்படைடிஸ் பி-யின் மரபணுவைச் செருகியிருக்கிறார்கள். அதனால் அது ஓயாமல் வைரஸைச் சுரந்துகொண்டே இருக்கும். குழியுள்ள தட்டில் செல்களை வளர்த்து, மருந்து கலந்த திரவத்தைச் சில நாளுக்கொரு முறை மாற்றி, வெளியே வரும் புரதத்தையும் வைரஸ் டிஎன்ஏவையும் அளப்பார்கள்.

இதில் ஏமாற ஒரு வழி இருக்கிறது. மருந்து செல்லைக் கொன்றாலும் புரதம் குறையும்! அதனால் பக்கத்துத் தட்டில் மஞ்சள் சாயம் ஒன்றை ஊற்றிப் பார்ப்பார்கள். உயிருள்ள செல் அதை ஊதாவாக்கும். ஊதா மங்காமல் புரதம் மட்டும் குறைந்தால்தான் அது வைரஸின் மேல் விழுந்த அடி. நிரந்தின் இந்தச் சோதனையைத் தாண்டியது, வைரஸ் தொற்றிய வாத்துக் குஞ்சுகளிலும் பலன் தந்தது. இது சாதாரணச் செய்தி இல்லை.

சரி, அண்ணனின் மோருக்கு வருவோம். அந்தச் செல்களில் மேற்பரப்புப் புரதத்தைப் பாதியாகக் குறைக்க, ஒரு மில்லிலிட்டர் திரவத்தில் ஏறக்குறைய 6.7 மைக்ரோகிராம் நிரந்தின் வேண்டியிருந்தது. நம் பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தில் எலிகளுக்குக் கீழாநெல்லி லிக்னான்களை வாய்வழியே கொடுத்து ரத்தத்தை அளந்திருக்கிறார்கள். நிரந்தின் உச்சத்தில் இருந்தபோதும் ரத்தத்தில் மிகக் குறைவுதான். தேவையானதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. கொடுத்ததில் ரத்தத்துக்குப் போய்ச் சேர்ந்தது நூற்றுக்கு ஒரு சில பங்குதான். ஃபில்லாந்தினோ ஒரு பங்கைக்கூடத் தொடவில்லை. லிக்னான் எண்ணெய்ப் பசை உள்ள பொருள், தண்ணீரில் கரைய மறுக்கும். ஆய்வகத்தில் அதைக் கரைப்பானில் கரைத்துச் செல்லின் மேலேயே ஊற்றுகிறார்கள். அம்மாவின் மோருக்கு அந்த வசதி கிடையாது.

இன்னொரு விஷயமும் உண்டு. அண்ணனின் கல்லீரல் செல்லின் உட்கருவில் வைரஸின் டிஎன்ஏ ஒரு மூடிய வளையமாகத் தங்கியிருக்கும். புதிய பிரதிகள் பிறப்பது அதிலிருந்துதான். டெனோஃபோவிர் பிரதியெடுப்பை நிறுத்தி வைக்கிறது, வளையத்தை அழிப்பதில்லை. அதனால்தான் மாத்திரையை விட்டால் வைரஸ் மீண்டும் எழும்பிக் கல்லீரலைக் கடுமையாகத் தாக்கக்கூடும். அந்தத் தட்டுச் செல்லிலோ வைரஸ் மரபணு ஆய்வாளர் செருகி வைத்தது. அதில் புரதம் குறைந்ததை வைத்து வளையம் போய்விட்டது என்று சொல்ல முடியாது.

மனிதர்களிடமும் பார்த்தார்கள். 1988-இல் சென்னையில் கீழாநெல்லிப் பொடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு மேற்பரப்புப் புரதம் மறைந்ததாகவும், போலி மருந்து எடுத்த 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்ததாகவும் அறிக்கை வந்தது. எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அப்புறம் தாய்லாந்திலும் வேறு இடங்களிலும் செய்து பார்த்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை.

அண்ணன் மாத்திரையை விட வேண்டாம். கீழாநெல்லி குடிப்பதை மருத்துவரிடம் மறைக்கவும் வேண்டாம். அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது வைரஸ் டிஎன்ஏ அளவு எவ்வளவு என்று கேட்டு, பழைய முடிவுகளோடு வரிசையாக எழுதி வையுங்கள். மூன்று வருடமாக மாத்திரை என்ன செய்தது என்பதை அண்ணனே அந்தத் தாளில் பார்த்துக்கொள்ளட்டும். அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.