பாட்டியின் புடவை மயில்கழுத்தா, அரக்கா? பழைய கறுப்பு வெள்ளைப் படத்துக்கு வண்ணம் கொடுப்பது எப்படி

"மும்பை மாட்டுங்காவில் இருக்கிறோம். 1964-ல் ஸ்டுடியோவில் எடுத்த குடும்பப் படம் ஃபிரேம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு மஞ்சளாகிவிட்டது. சரிசெய்து கலர் கொடுக்க ஆசை. பாட்டி கட்டியிருக்கும் புடவை மயில்கழுத்து என்கிறார் பெரிய அத்தை, இல்லை அரக்குதான் என்கிறார் சித்தப்பா. அப்போது அத்தைக்கு ஒன்பது வயது, சித்தப்பாவுக்கு ஆறு. யார் சொல்வதை வைத்துக் கலர் கொடுப்பது? போட்டோஷாப் ஓரளவு தெரியும்."

முதல் வேலை, கண்ணாடியிலிருந்து படத்தைப் பிரிக்கிற எண்ணத்தை விட்டுவிடுங்கள். மும்பை மழைக்கால ஈரத்தில் படத்தின் மேலிருக்கும் ஜெலட்டின் இளகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும், நீங்கள் இழுத்தால் முகமே கண்ணாடியோடு வந்துவிடும். ஃபிரேமை மட்டும் கழற்றிவிட்டு, கண்ணாடியின் வெளிப்பக்கத்தை உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்து, அப்படியே கேமராவில் எடுங்கள். இரண்டு பக்கமும் 45 டிகிரி சாய்வில் ஒரே மாதிரி இரண்டு விளக்குகள், அறையில் வேறு வெளிச்சம் வேண்டாம், லென்ஸைச் சுற்றிக் கறுப்புத் துணி. அந்தத் துணி இல்லாவிட்டால் உங்கள் சட்டையும் கையும் கண்ணாடியில் தெரியும். கேமராவில் RAW இருந்தால் அதிலேயே எடுங்கள்.

கறுப்பு வெள்ளைப் படம்தானே என்று கறுப்பு வெள்ளையில் எடுத்துவிடாதீர்கள், கலரில்தான் எடுக்க வேண்டும். காரணம் அந்த மஞ்சள் கறை. போட்டோஷாப்பில் Channels பகுதியைத் திறந்து மூன்றையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். நீலத்தில் கறை அழுக்குத் திட்டாகத் தெரியும், சிவப்பில் பெரும்பாலும் மறைந்தே போயிருக்கும். அந்தச் சிவப்பு சேனலை மட்டும் எடுத்துத் தனிக் கறுப்பு வெள்ளைப் படமாக வைத்துக்கொண்டால், கறை நீக்கும் வேலையில் பெரும்பகுதி அங்கேயே முடிந்துவிடும். மீதமுள்ள கீறல், புள்ளிகளைத் தனி லேயரில் Healing Brush வைத்துச் சரிசெய்யுங்கள். முகத்தில் கை வைக்கும்போது மட்டும் நிதானம் வேண்டும், சுருக்கத்தைக் கீறல் என்று நினைத்து அழித்துவிட்டால் அது உங்கள் பாட்டியாக இருக்காது. அப்புறம் Curves வைத்து வெளிறலைச் சரிசெய்யுங்கள். தாத்தாவின் வேட்டி வெள்ளை, எல்லாருடைய தலைமுடியும் கறுப்பு, இந்த இரண்டும் நமக்கு உறுதியாகத் தெரிந்தவை. 0 முதல் 255 வரையிலான அளவில் முடி 25 பக்கமும் வேட்டி 230 பக்கமும் வரும்படி வையுங்கள்.

இப்போது புடவைக்கு வருவோம். கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறம் போய்விட்டாலும் அந்த நிறம் எவ்வளவு கறுப்பாகப் பதியும் என்பது அதிலேயே இருக்கிறது. ஒரு நிறம் இருந்திருக்கவே முடியாது என்று அந்தச் சாம்பல் சொல்லிவிடும், ஆனால் இதுதான் அந்த நிறம் என்று ஒருபோதும் சொல்லாது, ஏனென்றால் ஒரே சாம்பல் அளவுக்குப் பல நிறங்கள் பொருந்தும். அதனால் முதலில் சாம்பலை வைத்துப் பொருந்தாததைக் கழித்துவிட்டு, மிஞ்சியதில் மட்டும் உறவினர்களின் ஞாபகத்தைக் கேளுங்கள்.

இதற்கு முன்னால் எந்த வகைப் ஃபிலிம் என்று பார்த்துவிட வேண்டும். ஆர்த்தோகுரோமாட்டிக் வகைக்குச் சிவப்பு தெரியாது, அதில் சிவப்பெல்லாம் கறுப்பாக விழும். பான்குரோமாட்டிக் எல்லா நிறத்தையும் பார்க்கும். 1964-ல் பான்குரோமாட்டிக்தான் பரவலாக இருந்தது, என்றாலும் உதட்டைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், பாட்டியின் உதடு கன்னத்தைவிடக் கொஞ்சம்தான் அடர்த்தி. ஆர்த்தோவாக இருந்தால் மை தடவியது போலக் கறுத்திருக்கும், முகத்திலும் திட்டுத் திட்டாக இருக்கும். நெற்றிப் பொட்டு கறுப்பாகத்தான் இருக்கிறது, அதை வைத்து முடிவு செய்ய வேண்டாம், சாந்துப் பொட்டாகவும் இருக்கலாம்.

சரி, பான்குரோமாட்டிக் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் படத்தில் மேற்சொன்ன மாதிரி அளவைச் சரிசெய்து பார்த்தபோது புடவையின் உடல் 105-க்குப் பக்கத்திலும் கரை 50-க்குப் பக்கத்திலும் வந்தது. நல்ல அரக்கு ஒன்றை (சிவப்பு 110, பச்சை 20, நீலம் 30) கறுப்பு வெள்ளையாக மாற்றினால் 50-க்குச் சற்றுக் கீழே நிற்கும். மயில்கழுத்தை (20, 120, 140) மாற்றினால் 90-க்கு மேல், அந்தக் காலப் ஃபிலிம்கள் நீலத்தைக் கொஞ்சம் வெளிச்சமாகவே காட்டும் என்பதால் 105 வரை போவது இயல்பு. ஆக, உடல் முழுக்க அரக்கு என்பது இந்தப் படத்துக்கு ஒத்துவரவில்லை, கரை அரக்கு என்பது நன்றாகவே ஒத்துவருகிறது. மயில்கழுத்தில் அரக்குக் கரை என்றால் அத்தை சொல்வதும் சித்தப்பா சொல்வதும் இரண்டுமே நிற்கும். ஜரிகையை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது விளக்கு வெளிச்சம் விழும் கோணத்தைப் பொறுத்து வெள்ளையாகவும் வரும் கறுப்பாகவும் வரும்.

அதற்காக இதோடு முடித்துவிட வேண்டாம். பச்சை கலந்த சாம்பல் நிறம், வெளிறிய கத்திரிப்பூ, இவையும் 105-ல் வந்து உட்காரும். அத்தையையும் சித்தப்பாவையும் தனித்தனியாகக் கேளுங்கள், கம்ப்யூட்டரில் நிறத்தைக் காட்டாமல் கேளுங்கள், ஏனென்றால் நீங்கள் ஒன்றைக் காட்டிவிட்டால் அதையே பார்த்ததாக ஞாபகம் வந்துவிடும். "உடலும் கரையும் ஒரே நிறமா? ரவிக்கை எந்த நிறம்? அந்தப் புடவையை வேறு எப்போது கட்டினார்கள்?" என்று கேட்டால் போதும். அந்தப் புடவை ஜரிகைக்காக எப்போதோ விலைக்குப் போயிருக்கலாம், ஆனாலும் அதில் தைத்த பாவாடையோ ரவிக்கைத் துணியோ யார் பெட்டியிலாவது இருக்கிறதா என்று விசாரித்துவிடுங்கள். கிடைத்தால் மேல்பக்கத்தைப் பார்க்காமல் உள்மடிப்பைப் பிரித்து நிறத்தை எடுங்கள், வெயில் படாத இடம் அதுதான்.

வண்ணம் கொடுக்கும்போது உடல், கரை, ரவிக்கை மூன்றுக்கும் தனித்தனி லேயர், Blend mode எல்லாவற்றிலும் Color. அப்போதுதான் அடியில் இருக்கும் மடிப்பும் நிழலும் அப்படியே நிற்கும். மயில்கழுத்தை ஒரே நிறமாகப் பூசினால் ரெக்சின் மாதிரி ஆகிவிடும், பாவில் ஒரு நிறமும் ஊடையில் இன்னொரு நிறமும் வைத்து நெய்வதால்தான் அந்த மினுமினுப்பே வருகிறது. நீலத்துக்கு ஒரு லேயர், பச்சைக்கு ஒரு லேயர் வைத்து, Layer Style-ல் உள்ள Blend If வழியாக நீலம் நிழலிலும் பச்சை மடிப்பின் மேட்டிலும் விழும்படி செய்யுங்கள். ஜரிகை வெள்ளையாக இருக்கும் இடத்தில் Color வேலை செய்யாது, அங்கே மட்டும் Multiply வைத்து வெளிர் பொன்நிறத்தைக் கொஞ்சமாகக் கொடுங்கள். ஞாபகத்தில் இருக்கும் நிறம் பெரும்பாலும் நிஜத்தைவிடப் பளிச்சென்று இருக்கும், அதனால் சொன்னதைவிடக் கொஞ்சம் அடக்கியே வையுங்கள்.

கலர் இல்லாத சரிசெய்த படத்தைத் தனி TIFF ஆகச் சேமியுங்கள். எந்த நிறம் யார் சொன்னது, எது உங்கள் ஊகம் என்பதையும் File Info-வில் எழுதிவிடுங்கள், உங்கள் பேரன் பேத்தி இதையே நிஜக் கலர் படம் என்று நம்பிவிடக் கூடாது. பெரிதாகப் பிரிண்ட் போடுவதற்கு முன் 4×6 அளவில் ஒன்று எடுத்து, டியூப்லைட் அடியில் வைக்காமல் பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் வைத்து, முதலில் அத்தையிடமும் பிறகு சித்தப்பாவிடமும் தனியாகக் காட்டுங்கள். கரையைப் பற்றி இருவரும் ஒரே மாதிரி சொன்னால் பெரிய பிரிண்ட் போடலாம், இல்லாவிட்டால் கரை லேயரின் நிறத்தை மட்டும் மாற்றி இன்னொரு 4×6 எடுத்துப் பாருங்கள்.