பார்வையாளர் பெயரை மினிட்ஸில் எங்கே எழுதுவது?

எங்கள் பிரைவேட் லிமிடெட் கம்பெனியில் ஏழு டைரக்டர்கள். போன போர்டு மீட்டிங்கில் இரண்டு டைரக்டர், சி.எஃப்.ஓ., முதலீட்டாளரின் பார்வையாளர் என்று நாலு பேர் இருந்தோம். கோரம் சரிதானே?

இல்லை சார். கூட்டம் செல்ல மொத்த டைரக்டர்களில் மூன்றில் ஒரு பங்காவது வர வேண்டும், அதுதான் கோரம். ஏழில் மூன்றில் ஒரு பங்கு இரண்டும் சொச்சமும். சொச்சத்தையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறது கம்பெனிகள் சட்டம், 2013இன் 174ஆம் பிரிவு. ஆக மூன்று டைரக்டர்கள் வேண்டும். மற்ற இருவரும் கணக்கில் வர மாட்டார்கள். கம்பெனியின் உள்விதிகளான ஆர்ட்டிகிள்ஸில் வேறு ஏற்பாடு இல்லையென்றால், அடுத்த வாரம் அதே நாள், அதே நேரம், அதே இடத்துக்குக் கூட்டம் தானாகவே தள்ளிப்போயிருக்கும். அன்று நிறைவேறியதாக எழுதிய தீர்மானத்தை வங்கிக்கு அனுப்பிவிடாதீர்கள்.

இந்தக் குழப்பம் பெரும்பாலும் வருகைப் பதிவேட்டில்தான் ஆரம்பிக்கும். போர்டு மீட்டிங்குக்கான எஸ்எஸ்-1 தரநிலைப்படி அழைப்பாளரும் அதில் கையெழுத்திட வேண்டும். எல்லாரும் ஒரே வரிசையில் போட்டுவிட்டால், பிறகு எழுதுபவர் தலையைத்தான் எண்ணுவார். மேலே ‘டைரக்டர்கள்’, கீழே ‘அழைப்பின் பேரில்’ என்று பிரித்துவிடுங்கள்.

பார்வையாளர் வாயே திறக்கக் கூடாதே? அப்புறம் பெயர் எதற்கு?

ஓட்டு கிடையாது என்பது வரை சரி. தலைவர் அனுமதித்தால் பேசலாம். பெயரும் கட்டாயம் வர வேண்டும், யார் சார்பில் வந்தார் என்பதோடு. ஒரு விஷயத்துக்கு மட்டும் வந்த அழைப்பாளர் என்றால், எந்த விஷயத்துக்கு வந்தார் என்றும் எழுதுங்கள்.

நான் அதிகம் திருத்துவது தீர்மான வரியைத்தான். ‘கூட்டத்தில் இருந்த அனைவரும் ஒருமனதாக ஏற்றனர்’ என்றால் பார்வையாளரும் கைதூக்கியதாகிவிடும். நான்கு டைரக்டர்கள் வந்திருந்தால், ‘கூட்டத்தில் இருந்த நான்கு டைரக்டர்களும் ஏற்றனர்’ என்று எழுதுங்கள். ‘பார்வையாளர் ஒப்புதல் அளித்தார்’ என்பது இன்னும் வம்பு. யார் சொல்படி போர்டு வழக்கமாக நடக்கிறதோ, அவரையும் தவறுக்குப் பொறுப்பாக்க 2(60)ஆம் பிரிவில் இடம் இருக்கிறது.

ஜப்பானிய டைரக்டருக்கு மொழிபெயர்ப்பாளர் வருகிறார். அவர் சொன்னதை யார் பெயரில் எழுதுவது மேடம்?

டைரக்டர் பெயரில்தான். மொழிபெயர்ப்பாளர் பெயர் அழைப்பாளர் பட்டியலில், ‘இன்னாருக்காக ஜப்பானிய மொழிபெயர்ப்பு’ என்ற குறிப்போடு. ஓட்டெடுப்பில் மட்டும் டைரக்டரே கைதூக்கட்டும், அல்லது வாயால் சொல்லட்டும். மொழிபெயர்ப்பாளர் தலையாட்டியதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

எங்கள் அபார்ட்மெண்ட் சங்கத்தில் வாடகைக்கு இருப்பவர்கள் வந்து உட்கார்ந்து ஓட்டும் போடுகிறார்கள்!

அது வேறு சட்டம், நான் மேலே சொன்ன பிரிவுகள் அங்கே செல்லாது. உங்கள் துணைவிதியில் யார் உறுப்பினர் என்று பாருங்கள். உறுப்பினர் இல்லாதவர்களைத் தனி வரிசையில் உட்காரவைத்துவிட்டு ஓட்டு எண்ணுங்கள்.

வழக்கறிஞர் ஆலோசனை சொல்லும்போது பார்வையாளரை வெளியே அனுப்பலாமா?

பங்குதாரர் ஒப்பந்தத்தில் அதற்கு இடமிருந்தால் அனுப்பலாம். இல்லாவிட்டால் சட்டத்தில் நேரடி விடை இல்லை, வழக்கறிஞர்களிடமே ஒருமித்த கருத்து கிடையாது. அனுப்பினால், எந்த விஷயம் தொடங்கும்போது வெளியே போனார், எப்போது திரும்பினார் என்று இரண்டையும் மினிட்ஸில் குறித்துவிடுங்கள்.