செத்துக்குப் போன அப்பா

அன்புள்ள ஐயா,

வேலந்தாவளம் பக்கத்தில் நாங்கள் ஆறு பேர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடி, எழுதிய கவிதைகளை வாசிக்கிறோம். இரண்டு வருடமாக ‘அருமை’, ‘நெஞ்சைத் தொட்டது’ என்று மட்டுமே பேசிக்கொண்டிருந்தோம். போன மாதம் ஒருவர் மனம் திறந்து, ‘இது கவிதையே இல்லை’ என்று ஒரு தோழியிடம் சொல்லிவிட்டார். அவர் பதிலுக்கு அரைமணி நேரம் வாதாடினார். இந்த மாதம் வரவில்லை. பொய்யாகப் பாராட்டாமலும் ஆளை நோகடிக்காமலும் ஒரு கவிதையைப் பற்றிப் பேச முடியாதா?

அன்புடன்,
ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

முடியும். ஆனால் அதற்கு முதலில், நல்லதா கெட்டதா என்ற பேச்சைக் கொஞ்சம் தள்ளிப்போட வேண்டும். ‘அருமை’யும் ‘கவிதையே இல்லை’யும் எனக்கு ஒரே மாதிரிதான் படுகின்றன. இரண்டையும் தாளைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் சொல்லிவிடலாம். நான் வைத்திருக்கும் சோதனை இது: சொன்ன வாக்கியம் அடுத்தவர் கவிதைக்கும் அப்படியே பொருந்துமானால், இந்தக் கவிதையைப் பற்றி இன்னும் எதுவும் சொல்லவில்லை என்று அர்த்தம்.

கொழிஞ்சாம்பாறையில் நாங்கள் ஐந்து பேர் கூடும் இடத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். எழுதிய நண்பரிடம் கேட்டுக்கொண்டுதான் இங்கே தருகிறேன். அவர் கொண்டுவந்த கவிதை:

விடியும் முன் செத்துக்குப் போன அப்பா
பாளையைத் தட்டும் ஓசை
காற்றில் எங்கள் ஓட்டுக்கு வந்து சேரும்.
அம்மா அடுப்பை மூட்டுவாள்.
ஓசை நின்றால்
அவளும் ஊதுகுழலை நிறுத்திவிட்டு
அண்ணாந்து பார்ப்பாள்.
உழைப்பாளியின் வாழ்க்கை
உயரத்தில் தொங்கும் ஊசலாட்டம்.

எங்கள் வழக்கப்படி எழுதியவர் தன் கவிதையைத் தானே வாசிப்பதில்லை. ஆளுக்கொரு பிரதி ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துவிடுவார், வேறொருவர் உரக்க வாசிப்பார். எழுதியவர் வாசித்தால் தன் குரலால் ஓட்டைகளை அடைத்துவிடுவார். அடுத்தவர் வாய் எங்கே தடுக்குகிறது என்று கேட்டுக்கொண்டிருப்பதே அவருக்குக் கிடைக்கும் முதல் விமர்சனம்.

அப்புறம் ஒரு சுற்று. தாளில் என்ன நடக்கிறது என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். பிடித்தது பிடிக்காதது எல்லாம் பிறகு. எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. அன்றைக்குப் பொள்ளாச்சியிலிருந்து வருகிறவர் முதலில் பேசினார். “செத்துப்போன அப்பாவை நினைத்துக்கொள்கிறார்கள். அவர் தட்டிய ஓசை இன்னும் வீட்டில் கேட்கிறது” என்றார். நண்பர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். நம் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மலையாளத்தில் செத்து என்றால் கள் இறக்குவது. தென்னந்தோப்பு வீடுகளில் தமிழ் பேசும்போதும் அந்தச் சொல்தான் வரும். ‘அப்பா செத்துக்குப் போயிருக்கார்’ என்று சின்ன வயதிலிருந்து சொல்லிச் சொல்லி, அதற்குள் சாவு இருப்பதே நண்பருக்குக் கேட்காமல் போயிருக்கிறது.

அந்த நேரத்தில் அவர் குறுக்கே புகுந்து “அய்யோ, அது அப்படியில்லைங்க” என்று விளக்கியிருந்தால் மற்ற மூவரும் விளக்கத்தைத்தான் வாசித்திருப்பார்கள், கவிதையை அல்ல. அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடுத்தவர், “உயிரோடுதான் இருக்கிறார், ஆனால் ஓசை நின்றதும் எனக்கும் பகீரென்றது” என்றார். அந்த ஒரு சொல் பின்னால் வரும் பயத்தை முன்கூட்டியே விதைத்துவிட்டது என்பது அப்போதுதான் எங்கள் எல்லோருக்கும் புரிந்தது, எழுதியவர் உட்பட.

இரண்டாவது சுற்றில் எங்கே நின்றோம், எங்கே தடுக்கி விழுந்தோம் என்று இடத்தைச் சுட்ட வேண்டும். நான்கு பேருமே கடைசி இரண்டு வரியில் பென்சிலால் கோடு போட்டிருந்தோம். ஆனால் மருந்து ஆளுக்கு ஒன்றாக இருந்தது. ‘உழைப்பாளி’யை மாற்றச் சொன்னார் ஒருவர். அந்த இரண்டு வரியைத் தலைப்பகுதிக்குக் கொண்டுபோகச் சொன்னார் இன்னொருவர். நான் வெட்டச் சொன்னேன். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். வாசகர்கள் பலர் ஒரே இடத்தில் இடறினால் அங்கே பள்ளம் இருக்கிறது என்பது அநேகமாக நிஜம். அதை எதைப் போட்டு மூடுவது என்று அவர்கள் சொல்வதை நம்ப வேண்டியதில்லை. அது எழுதியவர் பாடு.

நன்னூல் பாயிரத்தில் பத்துக் குற்றங்களின் பட்டியல் இருக்கிறது. நூல்களுக்காகச் சொன்னதுதான், ஆனாலும் எங்கள் கூட்டத்தில் அது நன்றாக உதவுகிறது. ‘கூறியது கூறல்’, ‘மிகைபடக் கூறல்’, ‘சென்று தேய்ந்து இறுதல்’. இந்தக் கவிதை தேய்ந்தே முடிகிறது. அம்மா அண்ணாந்து பார்த்ததும் நாமும் பார்த்துவிட்டோம், அதற்குமேல் ஊசலாட்டம் என்று ஒருவர் வந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை. குற்றத்துக்கு இப்படி ஒரு பெயர் இருந்தால் பேச்சு ஆளை விட்டு வரிக்கு வந்துவிடுகிறது. ‘நீ சொதப்பிட்டே’ என்பதற்கும் ‘இங்கே தேய்கிறது’ என்பதற்கும் எவ்வளவு வித்தியாசம், நீங்களே சொல்லிப் பாருங்கள்.

பாராட்டையும் இதே சுற்றில்தான் வைத்திருக்கிறோம், அதையும் இடம் சுட்டித்தான் சொல்ல வேண்டும். ஊதுகுழல் வரி மூன்று பேருக்குப் பிடித்திருந்தது. மேலே ஓசை நிற்க, கீழே மூச்சு நிற்கிறது. நண்பர் பின்னால் சொன்னார், அந்த வரி சாதாரணமாக இருக்கிறதே என்று அதைத்தான் எடுத்துவிட நினைத்திருந்தாராம்.

மூன்றாவதாக எழுதியவர் பேசலாம். தற்காத்துக்கொள்ள அல்ல, கேள்வி கேட்க. அன்று நண்பர், “கடைசி வரியில்தானே கருத்தே இருக்கு?” என்று கொஞ்சம் சூடாகத்தான் கேட்டார். யாரும் பதில் வாதம் செய்யவில்லை, தாள்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டோம். சம்மதிக்க வைப்பது எங்கள் வேலை இல்லை. எனக்கும் அந்தச் சூடு தெரியும். இளவயதில் ஒரு கூட்டத்தில் என் கவிதையைப் பற்றி நானே இருபது நிமிடம் விளக்கினேன். ஒரு பெரியவர், “தம்பி, இதையும் அடியில அச்சடிச்சுக் குடுத்துருங்க, படிக்கிறவன் பக்கத்துல எல்லாம் நீங்க உட்கார முடியாதே” என்றார். இரண்டு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை.

அடுத்த மாதம் நண்பர் கவிதையை ‘அண்ணாந்து பார்ப்பாள்’ என்பதோடு முடித்துக் கொண்டுவந்தார். ‘செத்துக்கு’ என்பதை ‘மரமேற’ என்று மாற்றும்படி ஒருவர் சொல்லியிருந்தார், அதை அவர் கேட்கவில்லை. கேட்காததுதான் சரி. முன்பு தெரியாமல் வந்த சொல்லை இப்போது தெரிந்தே வைத்திருக்கிறார்.

எல்லாக் கவிதைக்கும் இந்த முறை ஆகாது. வீட்டில் சாவு விழுந்த மாதத்தில் ஒருவர் கவிதை கொண்டுவந்தால், கேட்டால் மட்டும் போதுமா, பார்க்கவும் வேண்டுமா என்று முதலில் கேட்டுக்கொள்கிறோம். அதேபோல ஒரு அமர்வில் இரண்டு கவிதைக்கு மேல் எடுப்பதில்லை. மூன்றாவதற்கு வரும்போது எல்லோரும் களைத்துப்போய் ‘அருமை’க்குத் திரும்பிவிடுகிறோம்.

சரி, உங்கள் தோழி விஷயம். கூட்டமாகப் போய்ச் சமாதானம் பேசாதீர்கள், ‘நல்ல கவிதைதான்’ என்றும் சொல்லாதீர்கள், அவர் நம்பமாட்டார். ‘கவிதையே இல்லை’ என்று சொன்னவரிடம் அந்தத் தாளை மறுபடி கொடுங்கள். அதில் என்ன நடக்கிறது என்று நான்கு வரி, எந்த இடத்தில் அவருக்குக் கவிதை கைநழுவியது என்று ஒரு வரி, கைப்பட எழுதச் சொல்லுங்கள். அந்த நான்கு வரியை எழுத அவரால் முடியவில்லை என்றால் அன்று அவர் சரியாக வாசிக்கவில்லை, அதை அவரே போய்த் தோழியிடம் சொல்லட்டும். எழுத முடிந்தால் அந்தத் தாளைத் தோழியிடம் கொடுத்துவிட்டு, அடுத்த ஞாயிறு யாருடைய கவிதை என்று மட்டும் சொல்லிவிட்டு வாருங்கள். முதல் கவிதை அவருடையதாக இருக்க வேண்டாம், உங்களுடையதாக இருக்கட்டும்.