படியேற்றத்தை வைத்தே உடற்பயிற்சியைச் சமாளிக்க முடியுமா?

“காலை 9 முதல் மாலை 7 வரை உட்கார்ந்த வேலை. தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்கி வாக்கிங் போக முடியவில்லை. நாள் முழுக்க இடையிடையே ஓரிரு நிமிடம் ‘எக்சர்சைஸ் ஸ்நாக்ஸ்’ செய்தாலே போதும் என்கிறார்கள். ஆபீஸ் மூன்றாவது மாடியில். படியேறுவதை வைத்தே சமாளிக்கலாமா? வயது 41, எடை 70 கிலோ, சுகர் பார்டரில் இருக்கிறது.”

இரண்டு விஷயத்துக்குச் சமாளிக்கலாம். ஒன்று, இதயமும் நுரையீரலும் தாங்கும் திறன். இன்னொன்று, சாப்பிட்ட பிறகு ஏறுகிற சுகர். ஆனால் இரண்டுக்கும் செய்யும் முறை வேறு. முதலாவதற்கு மூச்சு வாங்க வேண்டும். இரண்டாவதற்கு மூச்சு வாங்கத் தேவையில்லை, அடிக்கடி எழுந்தால் போதும். பலர் இரண்டையும் கலந்து, நாளுக்கு மூன்று முறை நிதானமாகப் படியேறிவிட்டு ‘இரண்டு மாதமாகியும் ஒன்றும் மாறவில்லை’ என்கிறார்கள். அவர்கள் செய்தது முதல் வகைக்கு வேகம் போதாது, இரண்டாவது வகைக்கு எண்ணிக்கை போதாது.

முதலில் படிக்கட்டு. கனடாவில் ஹாமில்டன் நகரத்து மெக்மாஸ்டர் பல்கலைக்கழகக் குழுவின் ஆய்வொன்று 2019இல் வெளியானது. உடற்பயிற்சிப் பழக்கமே இல்லாத 24 இளைஞர்களில் ஒரு பிரிவினர் 60 படிகளைத் தங்களால் முடிந்த வேகத்தில் ஏறினார்கள். ஒரு நாளுக்கு மூன்று முறை, ஒவ்வொன்றுக்கும் நடுவே 1 முதல் 4 மணி நேர இடைவெளி, வாரத்தில் மூன்று நாள், மொத்தம் ஆறு வாரம். அவர்கள் உடல் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் உச்ச அளவு, ஏறாத பிரிவினரைவிடச் சுமார் 5 சதவீதம் கூடியிருந்தது. சின்ன ஆய்வுதான், பலனும் அடக்கமானதுதான். ஆனால் வாரம் முழுவதும் சேர்த்தாலே சில நிமிடம்தான் உழைப்பு என்பதை வைத்துப் பார்த்தால் அது சாதாரணமில்லை.

இதில் ‘முடிந்த வேகத்தில்’ என்பதுதான் உயிர். உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம். ஒரு படியின் உயரம் 16 சென்டிமீட்டர் என்றால் 60 படி ஏறும்போது 70 கிலோ எடையைச் சுமார் 9.6 மீட்டர் தூக்குகிறீர்கள். அதை ஒரு நிமிடத்தில் செய்தால் உடல் வெளியே தரும் திறன் ஏறக்குறைய 110 வாட். அதே படிகளை 25 வினாடியில் முடித்தால் 260 வாட்டைத் தாண்டும். தூக்கிய எடையும் உயரமும் ஒன்றுதான். ஆனால் இரண்டாவது முறையில் தொடைத் தசைகள் திணறி, இதயம் அவசரமாக இரத்தம் அனுப்ப வேண்டிவருகிறது. அந்த நெருக்கடிதான் உடலை மாறச் சொல்கிறது. நேரத்தைக் குறைத்ததற்கு ஈடாகக் கொடுக்கும் விலை வேகம்.

இடைவெளிக்கும் காரணம் உண்டு. மூன்று சுற்றையும் அடுத்தடுத்து ஓடினால் மூன்றாவது சுற்று தள்ளாடலில்தான் முடியும். மணிக்கணக்கில் ஓய்வு இருந்தால் ஒவ்வொரு சுற்றும் புதிதாக, முழு வேகத்தில் அமையும்.

செய்யும் விதம் இப்படி. உங்கள் கட்டடத்தில் தரைத்தளத்திலிருந்து மூன்றாம் மாடிவரை எத்தனை படி என்று ஒருமுறை எண்ணிவிடுங்கள். மாடிக்கு 20 வீதம் இருந்தால் சரியாக 60. முதல் இரண்டு வாரம் 40 படி போதும், அதுவும் முழு வேகத்தில் வேண்டாம். மேலே போனதும் பேசினால் வாக்கியம் நடுவில் உடைகிற அளவு போதும். மூன்றாம் வாரத்தில் 60 படிக்கு வாருங்கள். ஐந்தாம் வாரத்தில் முழு வேகம். திங்கள், புதன், வெள்ளி என்று வைத்துக்கொண்டால் காலை 10:30, மதியச் சாப்பாட்டுக்கு முன் 12:45, மாலை 4:30 என்று மூன்று சுற்று. சாப்பிட்டு ஒன்றரை மணி நேரத்துக்குள் வேகச் சுற்று வேண்டாம். வயிறு நிறைந்திருக்கும்போது குமட்டலும் நெஞ்செரிச்சலும் வந்தால் அடுத்த நாள் படிக்கட்டுப் பக்கமே போகத் தோன்றாது.

ஒவ்வொரு சுற்றுக்கும் முன் ஒரு நிமிடம் தயார்படுத்தல் அவசியம். வராந்தாவில் விறுவிறு என்று நடந்து, நாற்காலியிலிருந்து பத்து முறை கைப்பிடிக்காமல் எழுந்து உட்கார்ந்தால் போதும். மூன்று மணி நேரம் மடங்கியிருந்த முழங்காலோடு நேராக ஓட ஆரம்பித்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளலாம்.

ஏறும்போது ஒவ்வொரு படியாகவே ஏறுங்கள். இரண்டிரண்டாகத் தாண்டுவது சுலபமாகத் தெரிந்தாலும், களைத்தவுடன் கால் நுனி இடறும். முன்பாதத்தை மட்டும் விளிம்பில் வைத்தால் குதிகால் தசைநாண் இழுபடும், அதனால் பாதத்தின் பெரும்பகுதி படியில் பதியட்டும். ஒரு கை கைப்பிடிக்கம்பியை உரசிக்கொண்டே வரட்டும். அது இழுத்து ஏறுவதற்கு அல்ல, வழுக்கினால் பிடிக்க. செருப்போடு செய்யாதீர்கள். புடவையோ வேட்டியோ கட்டியிருந்தால் வேகச் சுற்று வேண்டாம், அன்று நாற்காலிப் பயிற்சியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மேலே சேர்ந்ததும் நிற்காதீர்கள், உட்காரவும் செய்யாதீர்கள். தசைகள் சுருங்கிச் சுருங்கித்தான் காலில் இருக்கும் இரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டிருக்கின்றன. சட்டென்று நின்றால் இரத்தம் காலிலேயே தேங்கி, தலை சுற்றும், கண் இருட்டும். அந்த மாடியிலேயே ஒரு நிமிடம் மெதுவாக நடந்தால் இது வராது.

இறங்குவதை லிஃப்டில் செய்யுங்கள். இதைச் சோம்பல் என்று நினைக்க வேண்டாம். ஏறும்போது தொடைத் தசை சுருங்கி வேலை செய்கிறது. இறங்கும்போது நீண்டுகொண்டே உடல் எடையைப் பிடித்து நிறுத்துகிறது. மூட்டுச் சில்லின் மேல் அழுத்தமும், மறுநாள் தொடை வலியும் பெரும்பாலும் இறங்குவதில்தான் வருகின்றன. ‘படியேறி முழங்கால் போச்சு’ என்பவர்களைக் கேட்டால், பாதிப்பேர் ஓட்டமாக இறங்கியிருப்பார்கள். லிஃப்ட் இல்லையென்றால் கம்பியைப் பிடித்து நிதானமாக இறங்குங்கள்.

வேகம் போதுமா என்பதைக் கைக்கடிகாரத்தின் இதயத்துடிப்பை வைத்து முடிவு செய்யாதீர்கள். 25 வினாடி உழைப்பில் துடிப்பு உச்சத்துக்குப் போவதற்குள் நீங்கள் மேலே சேர்ந்துவிடுவீர்கள். மணிக்கட்டில் ஒளியை வைத்து அளக்கும் கருவி இன்னும் தாமதமாகக் காட்டும். திரையில் 110 என்று பார்த்துவிட்டு, ‘போதவில்லை’ என்று உடனே மறுபடி ஓடுவது வழக்கமான தவறு. மூச்சுதான் நம்பகமான அளவுகோல். மேலே சேர்ந்த முதல் 15 வினாடி முழு வாக்கியம் பேச வராமல் இருந்து, இரண்டு மூன்று நிமிடத்தில் சாதாரணமாகப் பேச வந்தால் சரியான வேகம். ஏறியவுடனே போனில் பேச முடிந்தால் போதவில்லை. ஐந்து நிமிடம் கழித்தும் இரைத்தால் அளவு மீறியது, 40 படிக்குத் திரும்புங்கள்.

இனி சுகர். தசை சுருங்கும்போது, இன்சுலின் உதவி இல்லாமலேயே இரத்தத்திலிருந்து சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும் வழி ஒன்று திறக்கிறது. உட்கார்ந்தே இருந்தால் உடலின் மிகப் பெரிய தசைகளான தொடையும் பிட்டமும் அந்த வேலையில் சேர்வதே இல்லை. அதனால் இங்கே வேகத்தைவிட, எத்தனை முறை அந்த வழி திறக்கிறது என்பது முக்கியம். 2024இல் வெளியான ஒரு ஆய்வில், அதிக எடையுள்ள ஆண்கள் எட்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்த நாளில், 45 நிமிடத்துக்கு ஒருமுறை பத்து ஸ்குவாட் செய்தபோது சுகர் ஏற்றம் நன்றாகக் குறைந்தது. மொத்தமாக ஒரே தடவையில் 30 நிமிடம் நடந்ததைவிட அது கூடுதல் பலன் தந்தது. பிரித்துச் செய்வது மாற்று மட்டுமல்ல, சில இடத்தில் மேலானது என்று தைரியமாகச் சொல்லக்கூடிய இடம் இதுதான்.

ஸ்குவாட் என்றதும் தயங்க வேண்டாம், காதைப் பிடிக்காத தோப்புக்கரணம்தான். நாற்காலி நுனிவரை இறங்கி, தொட்டதும் எழுந்தால் போதும். முட்டி வலித்தால் மூன்று நிமிட நடை. உங்களுக்கு நான் சொல்வது, வாரத்தின் எல்லா வேலை நாளிலும் போனில் 45 நிமிட அலாரம். மதியச் சாப்பாட்டுக்குப் பின் மட்டும் அதை மாற்றி, சாப்பிட்டு 20 நிமிடத்தில் முதல் முறை எழுந்து பத்து ஸ்குவாட், அதன்பின் இரண்டு முறை அரை மணிக்கு ஒருமுறை. சோறு சாப்பிட்ட பிறகு சுகர் உச்சத்துக்குப் போவது பொதுவாக முதல் ஒன்றரை மணி நேரத்துக்குள்தான். பலன் தெரிய வேண்டுமானால் வீட்டில் குளுக்கோமீட்டர் வைத்து, அதே அளவு அதே சாப்பாட்டை இரண்டு நாள் சாப்பிட்டு, ஒரு நாள் உட்கார்ந்தும் ஒரு நாள் எழுந்தும், சாப்பிட ஆரம்பித்து ஒரு மணி நேரத்தில் அளந்து பாருங்கள்.

இது எதற்கு ஈடாகாது என்பதையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். 60 படி ஏற உடல் செலவழிப்பது ஏறக்குறைய 7 கிலோகலோரி. மூன்று சுற்றுக்கு 20ஐ ஒட்டி. இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட டீயில் அந்தச் சர்க்கரை மட்டுமே 30க்கு மேல். எடை குறைப்பதற்காக இதைச் செய்தால் ஏமாற்றம்தான். தோள், முதுகு, கை வலுவுக்கும் படிக்கட்டு எதுவும் செய்யாது. உலக சுகாதார நிறுவனம் 2020 வழிகாட்டுதலில், உழைப்பு குறைந்தது பத்து நிமிடத் தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனையை எடுத்துவிட்டது. ஆனால் வாரத்துக்கு 150 நிமிட மிதமான உழைப்பு அல்லது 75 நிமிடக் கடுமையான உழைப்பு என்ற அளவை எடுக்கவில்லை. வார இறுதியில் இரண்டு நீண்ட நடையைச் சேர்த்தால்தான் அதன் பக்கத்தில் போக முடியும்.

சுகர் பார்டர், வயது 40க்கு மேல் என்பதால், வேகச் சுற்றை ஆரம்பிக்கும் முன் இரத்த அழுத்தமும் ஈசிஜியும் பார்த்து டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். ஏறும்போது நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, மயக்கம் வருவது போன்ற உணர்வு, இதில் எது வந்தாலும் ‘பழக்கமில்லாததால்தான்’ என்று நினைக்காமல் நிறுத்தி, அன்றே காட்டுங்கள். ஸ்குவாட்டும் மெதுநடையும் பெரும்பாலானோர் நாளையே ஆரம்பிக்கலாம்.

மீட்டிங்கில் 10:30 சுற்று போய்விட்டால் அதை 12:45 சுற்றோடு சேர்த்து இரட்டிப்பாக்காதீர்கள். விட்டது விட்டதுதான். 60 படிக்கு வரும் முதல் நாளில் எத்தனை வினாடி ஆகிறது, மூச்சு திரும்ப எத்தனை நிமிடம் ஆகிறது என்று இரண்டு எண்ணை மட்டும் குறித்து வையுங்கள். நான்கு வாரம் கழித்து அதே படியில், ஏறக்குறைய அதே வினாடியில் ஏறிப் பாருங்கள். மூச்சு திரும்பும் நேரம் குறைந்திருந்தால் பயிற்சி வேலை செய்கிறது. அப்படியே இருந்தால் நீங்கள் ஏறிய வேகம் போதவில்லை.