வழக்குகளின் சங்கதி, கோட்பாடு, முடிவு மூன்றையும் பிரித்து நினைவில் வைக்கும் முறை

கேள்வி: வேலைக்குப் போய்க்கொண்டே பகுதி நேரமாகச் சட்டம் படிக்கிறேன். முக்கியமான வழக்குகளின் பெயர் ஞாபகம் இருக்கிறது, ஆனால் சங்கதி, கோட்பாடு, முடிவு எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிடுகிறது. எப்படி ரிவிஷன் செய்வது?

பெரும்பாலும் குறிப்பெடுக்கும் வரிசையில்தான் சிக்கல் தொடங்குகிறது. தீர்ப்பில் உள்ள வரிசையிலேயே எழுதினால் சங்கதிகள் பக்கத்தை அடைத்துக்கொள்ளும், கோட்பாட்டுக்கு ஒரு வரிதான் மிஞ்சும். வரிசையை மாற்றுங்கள். ஒரு வழக்குக்கு ஒரு கார்டு. முதலில் நீதிமன்றம் தீர்மானிக்க வேண்டிய கேள்வியான எழுவினா, பிறகு முடிவு, அதன்பின் கோட்பாடு, கடைசியாகத்தான் சங்கதி.

டோனஹ்யூ எதிர் ஸ்டீவன்சன் (1932) வழக்கை எடுத்துக்கொள்வோம். தோழி வாங்கித் தந்த ஜிஞ்சர் பீரில் அழுகிய நத்தை இருந்ததால் நோயுற்றதாகச் சொல்லி, அதைத் தயாரித்த ஸ்டீவன்சன் மீது டோனஹ்யூ வழக்குப் போட்டார். எழுவினா: தன்னோடு ஒப்பந்தம் எதுவும் இல்லாத நுகர்வோரிடம் உற்பத்தியாளருக்குக் கவனக் கடமை உண்டா? முடிவு: உண்டு, டோனஹ்யூ சொல்வது உண்மையானால் ஸ்டீவன்சன் மீது வழக்கு நிற்கும் என்று அன்று பிரிட்டனின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை 3-2 என்ற பெரும்பான்மையில் சொன்னது. கோட்பாடு: இடையில் யாரும் சோதித்துப் பார்க்க வாய்ப்பில்லாத நிலையில் பொருளை வெளியே அனுப்பும் உற்பத்தியாளர், கடைசியில் அதைப் பயன்படுத்துபவருக்குத் தீங்கு நேராதபடி நியாயமான கவனம் எடுக்க வேண்டும். முடிவில் கட்சிக்காரர்களின் பெயர் இருக்கும், கோட்பாட்டில் இருக்கக் கூடாது. கோட்பாட்டு வரியில் ஸ்டீவன்சன் பெயர் எட்டிப் பார்த்தால் இரண்டும் கலந்துவிட்டன என்று பொருள். ‘அண்டை அயலார்’ பற்றிய புகழ்பெற்ற பகுதி ஆட்கின் பிரபு தம் உரையில் சொன்னது. அது இன்னும் விரிவானது என்பதால் அவர் பெயரோடு தனி வரியாக எழுதுங்கள்.

இனி சங்கதி. ஒவ்வொரு விவரத்தையும் மாற்றிப் பாருங்கள். பதில் மாறினால் மட்டும் கார்டில் இடம். ஜிஞ்சர் பீருக்குப் பதில் வேறு பானம் என்றால் எதுவும் மாறாது. உள்ளே இருப்பது தெரியாத கருநிறப் பாட்டிலுக்குப் பதில் தெளிவான கண்ணாடி என்றால், குடிப்பதற்கு முன் பார்த்திருக்கலாமே என்ற வாதம் வந்துவிடும். பானத்தை வாங்கியவர் தோழி. டோனஹ்யூவே வாங்கியிருந்தால் கடைக்காரர் மீது ஒப்பந்தப்படி வழக்குப் போட்டிருக்கலாம், இந்த எழுவினாவுக்கே தேவை வந்திருக்காது. ஆகவே கார்டில் நிற்பவை மூன்று: தோழி வாங்கியது, உள்ளே தெரியாத மூடிய பாட்டில், அதில் இருந்ததாகச் சொல்லப்பட்ட அழுகிய நத்தையால் வந்த நோய். நத்தை தானாகவே ஞாபகத்தில் நிற்கும். பாட்டிலைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள், கோட்பாடு நிற்பதோ அதன் மேல்.

‘நத்தை இருந்தது நிரூபிக்கப்பட்டது, டோனஹ்யூவுக்கு நஷ்ட ஈடு கிடைத்தது’ என்று விடைத்தாளில் எழுதுவது வழக்கமான பிழை. சபை தீர்மானித்தது சட்டக் கேள்வியை மட்டுமே. சங்கதிகள் விசாரணைக்கே வரவில்லை, விவகாரம் பிறகு சமரசத்தில் முடிந்தது. அதனால் முடிவை எழுதும்போது, வழக்கு எந்தக் கட்டத்தில் இருந்தது என்பதையும் இரண்டு சொல்லில் சேர்த்துவிடுங்கள்.

விடுமுறை நாளில் மூன்று புதிய கார்டுகள் போதும். வேலை நாட்களில் இருபது நிமிடம் பழைய கார்டுகளுக்கு. எழுதிய மறுநாள், 3ஆம் நாள், 7ஆம் நாள், 21ஆம் நாள் என்று திரும்ப எடுங்கள். கார்டைப் படிக்க வேண்டாம். பெயரை மட்டும் பார்த்து, வெற்றுத் தாளில் மூன்று நிமிடத்தில் நான்கு பகுதிகளையும் எழுதிவிட்டு ஒப்பிடுங்கள். வெறுமனே படித்தால் பழகிய முகம் போலத் தோன்றும், தேர்வறையில் பெயர் சொல்ல வராது. ஒரு முறை விட்டு ஒரு முறை திசையை மாற்றி, சங்கதியை மட்டும் பார்த்து வழக்கின் பெயரை எழுதுங்கள். தேர்வில் வரும் பிரச்சினைக் கேள்விகள் அந்தத் திசையில்தான் வரும். கோட்பாடோ முடிவோ தவறினால் அந்தக் கார்டை மறுநாள் எடுக்க வேண்டியவற்றோடு மீண்டும் சேர்க்க வேண்டும். ஆண்டு மட்டும் தவறினால் திருத்திக்கொண்டு மேலே போகலாம்.

ஒரே மாதிரியான வழக்குகளை ஜோடியாக வைப்பது அவசியம். பால்ஃபோர் எதிர் பால்ஃபோர் (1919), மெரிட் எதிர் மெரிட் (1970) இரண்டிலும் மனைவிக்கு மாதாமாதம் பணம் தருவதாகக் கணவன் ஒப்புக்கொள்கிறான். முன்னதில் வாக்குறுதி தந்தபோது இருவரும் இணக்கமான தம்பதி. ஒப்பந்தம் இல்லை என்று தீர்ப்பு. பின்னதில் ஏற்கெனவே பிரிந்துவிட்டார்கள், வீட்டை மாற்றித் தருவதாகக் கணவன் எழுதிக் கையெழுத்திட்டான்; அது அவனைக் கட்டுப்படுத்தும் என்று தீர்ப்பு. இரண்டு கார்டுகளின் பின்புறத்திலும் ‘சேர்ந்து / பிரிந்து’ என்று எழுதி, ஒன்றை எடுக்கும்போது மற்றதன் முடிவையும் சொல்லிப் பாருங்கள்.

பல நீதிபதிகள் தனித்தனியே எழுதிய நீண்ட அரசமைப்புத் தீர்ப்புகள் ஒரு கார்டில் அடங்காது. அங்கே எழுவினாவுக்கு ஒரு கார்டு போட்டு, ஒவ்வொன்றிலும் பெரும்பான்மை எத்தனை பேர் என்பதைக் குறியுங்கள். ஒரே தீர்ப்பில் ஒரு எழுவினாவுக்கு ஒரு பெரும்பான்மையும் அடுத்ததற்கு வேறொரு பெரும்பான்மையும் அமைவதுண்டு.