ட்ரேயில் தேங்கும் சிவப்பு நீர்

கேள்வி: பாக்கெட் இறைச்சியின் அடியில் சிவப்பாகத் தேங்கியிருப்பது ரத்தம்தானே? ரத்தத்தைச் சரியாக வடிக்காமலே பேக் செய்துவிட்டார்களா?

ரத்தம் இல்லை. தசைக்குள் இருந்த தண்ணீர்தான் வெளியே கசிந்து தேங்கியிருக்கிறது. அதற்குச் சிவப்பு நிறம் கொடுப்பது மயோகுளோபின் என்ற புரதம்.

இறைச்சி பேக் செய்யும் கூடத்தில் சில வருடம் தரம் பார்க்கும் வேலையில் இருந்தேன். அடிக்கடி வந்த புகார்களில் இதுவும் ஒன்று. அறுத்த உடனே ரத்தத்தை வடித்துவிடுவார்கள். மிச்சம் இருப்பதில் பெரும்பகுதி ஈரல், நுரையீரல் போன்ற உறுப்புகளில் தங்கிவிடும். சதைக்குள் நிற்பது மிகக் கொஞ்சம். ரத்தத்தை வெளியே வைத்தால் உறைந்து கட்டியாகும். ட்ரேயில் இருக்கும் நீரோ எத்தனை நாள் ஆனாலும் நீர்த்தே கிடக்கும்.

அப்படியானால் இவ்வளவு நீர் எங்கிருந்து வருகிறது? சதையில் முக்கால் பங்கு தண்ணீர்தான். உயிர் போன பிறகு தசையில் லாக்டிக் அமிலம் சேர்ந்து, 7-க்குப் பக்கத்தில் இருந்த பி.ஹெச். 5.6 அளவுக்கு இறங்கும். அந்த நிலையில் தசை இழைகள் சுருங்கி, பிடித்து வைத்திருந்த நீரை விட்டுவிடும். துண்டு போட்டால் வெட்டுவாய் வழியாகக் கசியும். உறைய வைத்து உருக்கினால் இன்னும் அதிகம், ஏனென்றால் பனிக்கட்டிப் படிகங்கள் இழைகளைக் கிழித்துவிடும். நீரில் கரையும் மயோகுளோபினும் அதோடு சேர்ந்து வந்துவிடுகிறது.

இந்தப் புரதம் ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினுக்கு நெருங்கிய சொந்தம். ஹீமோகுளோபின் ஆக்சிஜனைச் சுமந்து வரும். மயோகுளோபின் அதை வாங்கித் தசைக்குள் சேமித்து வைக்கும். இரண்டிலும் இரும்பு உட்கார்ந்திருக்கும், அதனால்தான் இரண்டும் சிவப்பு. ஓயாமல் உழைக்கும் தசையில் மயோகுளோபின் அதிகம். மாட்டிறைச்சி கருஞ்சிவப்பாகவும் கோழியின் நெஞ்சுக்கறி வெளுப்பாகவும் இருப்பது இதனால்தான்.

நிறம் மாறுவதும் அந்த இரும்பின் கதைதான். எங்களுக்குத் திரும்பி வந்த ஒரு கொத்துக்கறிப் பாக்கெட்டை வைத்தே சொல்கிறேன். மேலே பளிச்சென்ற சிவப்பு, பிரித்தால் உள்ளே பழுப்பு. பழைய கறியை உள்ளே வைத்துப் புதியதால் மூடிவிட்டதாக வாங்கியவருக்குக் கோபம். மோப்பம் பார்த்தேன், கெட்ட வாடை இல்லை. விரலில் பிசுபிசுப்பும் இல்லை. இருந்தது ஒரே கறிதான். மேற்பரப்பில் காற்று தாராளமாகப் படுகிறது; இரும்போடு ஆக்சிஜன் சேர்ந்து பளீர் சிவப்பு வருகிறது. காற்றே எட்டாத இடத்தில் மயோகுளோபின் கருஊதாவாக இருக்கும். காற்றை உறிஞ்சி எடுத்த வேக்யூம் பாக்கெட்டில் கறி ஊதாவாகத் தெரிவது அப்படித்தான். பிரித்து வைத்தால் அரை மணி நேரத்தில் சிவந்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவே, ஆக்சிஜன் அரைகுறையாக எட்டும் இடத்தில்தான் இரும்பு ஆக்ஸிகரணம் அடைந்து பழுப்பாகிறது. அதற்கு மெட்மயோகுளோபின் என்று பெயர். கொத்திய கறியின் உட்புறம் அப்படிப்பட்ட இடம்.

புதுக் கறிக்கு இந்தப் பழுப்பைத் திரும்ப மாற்றிக்கொள்ளும் சக்தி கொஞ்சம் உண்டு. நாள் ஆக ஆக அது தீர்ந்துபோகும். அதனால் மேற்பரப்பும் பழுப்பாகிவிட்டால் கறிக்குச் சில நாள் வயதாகிவிட்டது என்று கொள்ளலாம். கெட்டுவிட்டது என்று முடிவு கட்ட அது மட்டும் போதாது. புளித்த வாடை, கொழகொழப்பு, உப்பிய பாக்கெட் இருந்தால் எந்த நிறமானாலும் தூக்கிப் போடுங்கள். சில நாடுகளில் பாக்கெட்டுக்குள் மிகச் சிறிதளவு கார்பன் மோனாக்சைடு சேர்க்க அனுமதி உண்டு. அது இரும்பை விடாமல் பற்றிக்கொள்வதால், கெட்ட கறியும் சிவப்பாகவே நிற்கும். ஆகவே சிவப்பையும் நம்பிவிடக் கூடாது.

நிறத்தை நம்பி உண்மையில் ஏமாறுவது அடுப்பில்தான், எனக்குக் கவலையும் அதுதான். ஏற்கெனவே பழுப்பான கொத்துக்கறி 55 டிகிரி செல்சியஸிலேயே வெந்ததுபோல் தெரியும், ஆனால் கிருமிகள் அதற்குள் செத்திருக்காது. ஊதாவாக இருந்த கறியோ 71 டிகிரியைத் தாண்டிய பிறகும் உள்ளே இளஞ்சிவப்பாகவே இருக்கக்கூடும். கொத்துக்கறியை உருண்டையாகவோ தட்டையாகவோ செய்து சமைக்கும்போது, தெர்மாமீட்டரின் முனையை நடுப்பகுதி வரை செருகி 71 காட்டுகிறதா என்று பாருங்கள்.