உம்மாவின் பழைய சீட்டுகளை ஒரு பக்கத்தில் அடக்க

"கீழக்கரையில் இருக்கும் உம்மாவை லண்டனுக்கு அழைத்துப் போகிறேன். சர்க்கரை, பிரஷர் இருக்கிறது. பத்து வருட டாக்டர் சீட்டு ஒரு பை நிறைய. புது டாக்டரிடம் எதைக் காட்டுவது?"

பையைக் காட்டாதீர்கள், யாரும் பிரித்துப் பார்க்க மாட்டார்கள். ஆங்கிலத்தில் ஒரு பக்கம் போதும்.

மேலே ஒவ்வாமை. "ஊசி ஒத்துக்காது" என்றால் பயனில்லை. எந்த மருந்து, தடிப்பா மூச்சுத்திணறலா, எந்த வருடம் என்று எழுதுங்கள்.

அடுத்து மாத்திரைகள். கம்பெனி வைத்த பெயர் அங்கே புரியாது. அட்டையின் பின்னால் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயர்தான் வேண்டும். ஒரே சர்க்கரை மாத்திரையில் இரண்டு மருந்து இருக்கலாம். மெட்ஃபார்மின் 500 மி.கி., கிளிமெபிரைடு 1 மி.கி. என்று பிரித்து, எந்த வேளைக்கு என்பதோடு எழுதுங்கள். வெட்டிக் கொடுத்த துண்டில் பெயர் இல்லையென்றால் மருந்துக்கடையில் முழு அட்டையைக் கேட்டு போட்டோ எடுங்கள்.

ரத்தப் பரிசோதனையில் கடைசி முடிவும், ஒரு வருடத்துக்கு முந்தையதும் போதும். ஆனால் அலகை விடாதீர்கள். இங்கே வெறும் வயிற்றில் சர்க்கரை 144 mg/dL என்பது அங்கே 18ஆல் வகுத்து 8.0 mmol/L. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் HbA1c இங்கே 7.5 சதவீதம் என்றால் அங்கே 58 mmol/mol.

அப்புறம், இப்போது பார்க்கும் டாக்டரிடமே சரிபார்த்துக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.